முன்பணத்துக்கு ஒரு அட்டை, மிச்சத்துக்கு இன்னொன்று

நிலாவெளியில் ஐந்து இரவுகள் தங்கிய ஒரு குடும்பம் லண்டனுக்குத் திரும்பும் நாளில் ஹோட்டல் வரவேற்பு மேசைக்கு வருகிறது. பில் தொகை ஒன்றரை இலட்சம் ரூபாய். அட்டையைச் செருகியதும் மெஷினின் சிறிய திரையில் இரண்டு வரிகள் தெரிகின்றன. ஒன்றில் LKR 150,000.00, மற்றதில் GBP 394.74. எதில் செலுத்த விருப்பம் என்று திரை கேட்கிறது. பவுண் பழகிய நாணயம் என்பதால் பெரும்பாலானோர் அதையே அழுத்துவார்கள், அல்லது மேசையில் நிற்பவர் அவர்களுக்காக அழுத்திவிடுவார். ஆடி, ஆவணி மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். அந்தக் காலத்தில் கோணேஸ்வரத்துக்கும் உப்புவெளிக்கும் புறாத் தீவுக்கும் வந்துபோகும் புலம்பெயர் குடும்பங்கள் அட்டையில் இழக்கும் பணத்தில் ஒரு பங்கு இந்த ஒரு நொடியில்தான் போகிறது. அதைத் தடுக்க ஒரு வாக்கியம் போதும். எந்த அட்டையை நீட்டுவது என்பது வேறு கேள்வி. அதற்கான விடை, அந்தப் பணம் எப்போது செலுத்தப்படுகிறது என்பதில் இருக்கிறது.

முதலில் அந்தத் திரையைப் பார்ப்போம். வெளிநாட்டு அட்டை ஒன்று இலங்கையில் ரூபாயில் தேய்க்கப்பட்டால், ரூபாயைப் பவுணாக மாற்றுவது விசா அல்லது மாஸ்டர்கார்ட் வலையமைப்பு. அதன் மாற்று விகிதம் சந்தை விகிதத்துக்கு மிக அருகில் இருக்கும். அதன்மேல் அட்டை வழங்கிய வங்கி தன் வெளிநாட்டுக் கட்டணத்தைச் சேர்க்கும். பிரித்தானிய அட்டைகள் பலவற்றில் இது 2.99 சதவீதம், கனடா அட்டைகள் பலவற்றில் 2.5 சதவீதம். கட்டணமே இல்லாத அட்டைகளும் உண்டு. மெஷினிலேயே பவுணைத் தெரிவு செய்தால் இந்த மாற்றத்தை வலையமைப்பு செய்யாது. மெஷினை வழங்கிய உள்ளூர் வங்கியும் அதனுடன் சேர்ந்து இயங்கும் நாணயமாற்று நிறுவனமும் தாங்கள் வைத்த விகிதத்தில் அதைச் செய்யும். இதற்கு டைனமிக் கரன்சி கன்வேர்ஷன் என்று பெயர். விகிதத்தில் கிடைக்கும் இலாபத்தில் ஹோட்டலுக்கும் பெரும்பாலும் ஒரு பங்கு போகும். பற்றுச்சீட்டில் ‘கமிஷன் இல்லை’ என்று இருந்தாலும், கமிஷன் விகிதத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் போதும். ரூபாய்த் தொகையைப் பவுண் தொகையால் வகுக்க வேண்டும். 150,000ஐ 394.74ஆல் வகுத்தால் 380 வருகிறது. கணக்கு எளிதாக இருப்பதற்காக, அன்றைய வலையமைப்பு விகிதம் ஒரு பவுணுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டணமில்லாத அட்டையில் ரூபாயாகச் செலுத்தினால் 375 பவுண். 2.99 சதவீதக் கட்டணம் உள்ள அட்டையில் ரூபாயாகச் செலுத்தினால் 386.21 பவுண். மெஷின் காட்டும் பவுண் தொகையோ 394.74. அதாவது கையில் இருப்பது கட்டணம் அறவிடும் சாதாரண அட்டையாக இருந்தாலும், ரூபாயைத் தெரிவு செய்வதுதான் எட்டரைப் பவுண் மலிவு. என் அட்டைக்கு வெளிநாட்டுக் கட்டணம் உண்டு, அதனால் பவுணே நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் இந்தக் கணக்கில் நிற்கவில்லை. இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கும் இதே நியாயம்தான். அங்கே பல கடனட்டைகளில் 3.5 சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 4.13 சதவீதம் ஆகிறது. அதைத் தவிர்க்க மெஷினில் இந்திய ரூபாயைத் தெரிவு செய்தால் கட்டணம் முழுதாகப் போய்விடுவதில்லை. வெளிநாட்டில் இந்திய ரூபாயில் நடக்கும் கொடுக்கல்வாங்கலுக்கும் அங்குள்ள பல வங்கிகள் தனியாக ஒரு கட்டணம் வைத்திருக்கின்றன.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம் நிச்சயத்தன்மை. பவுணில் செலுத்தினால் எவ்வளவு போகிறது என்று அந்த இடத்திலேயே தெரியும். ரூபாயில் செலுத்தினால், கணக்கில் பதிவாகும் நாள்வரை விகிதம் மாறக்கூடும். இது உண்மைதான். ஆனால் பதிவாக எடுப்பது வழக்கமாக ஓரிரு நாட்கள். அந்த இடைவெளியில் ரூபாய் ஐந்து சதவீதம் பலம் பெற்றால்தான் கட்டணமில்லாத அட்டையில் பவுணைத் தெரிவு செய்தவர் நட்டமின்றித் தப்புவார். இலங்கை ரூபாய் அப்படிப் பெரிதாக ஆடிய காலங்களில் ஒன்று 2022 மார்ச். மத்திய வங்கி விகிதத்தைத் தளர்த்தியதும் டொலருக்கு 200 அளவில் இருந்த ரூபாய் சில வாரங்களில் 300ஐயும் தாண்டியது. அந்த ஆட்டம் வீழ்ச்சியாக இருந்தது. ரூபாயில் செலுத்திய வெளிநாட்டு அட்டைக்காரர்களுக்கு அது இலாபம். ஆக, நிச்சயத்தன்மைக்காக ஐந்து சதவீதம் கொடுப்பது, வர வாய்ப்புக் குறைந்த ஓர் ஆபத்துக்கு மிக உயர்ந்த காப்புறுதித் தவணை கட்டுவது போன்றது.

மெஷின் மேசைக்காரரின் கையில் இருக்கும்போதே, அட்டையைக் கொடுக்கும் முன், “இலங்கை ரூபாயிலேயே எடுங்க” என்று சொல்லிவிட வேண்டும். நாணயத்தைத் தெரிவு செய்யும் உரிமை அட்டைக்காரருடையது என்பது விசா, மாஸ்டர்கார்ட் இரண்டின் விதியும்கூட. தவறிப் பவுணில் போய்விட்டால், அங்கேயே நின்று அந்தக் கொடுக்கல்வாங்கலை ரத்துச் செய்து ரூபாயில் மறுபடி எடுக்கச் சொல்லலாம். அன்றைய கணக்கை மெஷின் வங்கிக்கு அனுப்பும் முன் இது சுலபம். தெரிவே கேட்கப்படவில்லை என்றால், ஊர் திரும்பியபின் தன் வங்கியிடம் முறையிட வழி உண்டு. ஆனால் நாணயத்தைத் தெரிவு செய்யும் வாய்ப்புத் தரப்பட்டது என்ற வாசகம் அச்சிட்ட சீட்டில் கையெழுத்து இருந்தால் அந்த முறைப்பாடு பலவீனப்படும். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். அங்கே நாணயமாற்றை மறுக்கும் பொத்தானை அழுத்தினால் பணம் வராமல் போய்விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். பணம் வரும், மெஷினின் விகிதம் மட்டும்தான் விலகும். முச்சக்கர வண்டிக்கும் புறாத் தீவுப் படகுக்கும் எப்படியும் காசு வேண்டும். அதை டெபிட் அட்டையில் எடுப்பதே நல்லது. கடனட்டையில் எடுத்தால் வழக்கமாக எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும்.

இனி அட்டையைப் பற்றி. கட்டணமில்லாத அட்டை ஒன்றே போதும், எல்லாவற்றுக்கும் அதையே நீட்டலாம் என்பது பரவலான ஆலோசனை. அதில் பாதிதான் சரி. அறையில் தங்கி முடித்தபின் கொடுக்கும் பணத்துக்கும், சாப்பிட்டு முடித்தபின் கொடுக்கும் பணத்துக்கும் பாதுகாப்புத் தேவையில்லை. வாங்க வேண்டியதை வாங்கியாயிற்று. அங்கே மலிவான அட்டையே சிறந்தது. ஆனால் மாசியில் கட்டிவிட்டு ஆடியில் அனுபவிக்கப்போகும் முன்பணம் அப்படியல்ல. இடையில் ஹோட்டல் மூடப்படலாம், அறை இன்னொருவருக்குப் போயிருக்கலாம். அங்கே அட்டையோடு வரும் பாதுகாப்புக்கு விலை உண்டு.

பிரித்தானியாவில் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு இதில் வலுவானது. ஒரு பொருள் அல்லது சேவையின் விலை 100 பவுணுக்கு மேலும் 30,000 பவுணுக்கு மேற்படாமலும் இருந்து, அதில் ஒரு பகுதியையாவது கடனட்டையில் செலுத்தியிருந்தால், விற்றவர் ஒப்பந்தத்தை மீறும்போது அட்டை வழங்கிய நிறுவனமும் முழுத் தொகைக்கும் பொறுப்பாகிறது. வெளிநாட்டில் நடக்கும் கொள்வனவுக்கும் இது பொருந்தும் என்று 2007இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. கட்டணமில்லாத பயண அட்டைகளில் பல, டெபிட் அல்லது முன்கூட்டிப் பணம் நிரப்பும் அட்டைகள். அவற்றுக்கு இந்தப் பிரிவு இல்லை. ‘சார்ஜ்பேக்’ எனப்படும் மீளப்பெறும் முறை மட்டும் உண்டு. அது சட்டமல்ல, கால எல்லை கொண்ட வலையமைப்பு விதி. கனடா அட்டைகளிலும் 75ஆம் பிரிவு இல்லை.

இந்தப் பாதுகாப்பின் எல்லைகளையும் தெரிந்திருக்க வேண்டும். திமிங்கிலம் பார்க்கும் படகின் முழுக் கட்டணமான 30,000 ரூபாயையும் முன்பணமாகக் கட்டினால், நம் கணக்கில் அது 75 பவுண். அந்தப் படகு வராவிட்டால் 75ஆம் பிரிவு உதவாது. முன்பதிவுத் தளமோ முகவரோ பணத்தை வாங்கி ஹோட்டலுக்கு அனுப்பினால், கடன் கொடுத்தவருக்கும் விற்றவருக்கும் இடையிலான சட்டத் தொடர்பு அறுந்துபோகலாம். பயணியே மனம் மாறினாலும், நோயுற்று வர முடியாமல் போனாலும் ஹோட்டல் எதையும் மீறவில்லை. அந்த இடத்துக்கு உரியது, சில அட்டைகளோடு வரும் பயணக் காப்புறுதி. பயணச்சீட்டை அந்த அட்டையிலேயே வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் வழக்கமாக இருக்கும். வயதெல்லையும் நாளெல்லையும் இருக்கும். 65 வயதைக் கடந்த பெற்றோரை ஊருக்கு அழைத்துவருபவர்கள் இந்த இரண்டு வரிகளையும் முதலில் படிக்க வேண்டும். புயல் விடயத்தில் திகதியே தீர்மானிக்கும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைத் தொட்டது. அப்படியொரு புயலின் அறிவிப்பு வெளியான பிறகு பதிவு செய்த பயணத்தை, தெரிந்தே ஏற்ற ஆபத்து என்று காப்புறுதி நிறுவனம் மறுக்கலாம். வாடகைக் கார்ச் சேதத்துக்கான காப்பும் சாரதியோடு எடுக்கும் வேனுக்கு வழக்கமாகப் பொருந்தாது. இங்கே பெரும்பாலான குடும்பங்கள் எடுப்பது அந்த வேனைத்தான்.

இத்தனை நிபந்தனைகளுக்கு நடுவே இரண்டு அட்டைகளை நிர்வகிப்பது வீண் சிரமம் அல்லவா என்று கேட்கலாம். அதே நிலாவெளிக் குடும்பத்தின் கணக்கையே மறுபடி போட்டுப் பார்ப்போம். மாசியில் 60,000 ரூபாய் முன்பணத்தை, 2.99 சதவீதக் கட்டணம் உள்ள கடனட்டையில், நேரடியாக ஹோட்டலுக்கு, ரூபாயில் கட்டுகிறார்கள். 150 பவுணும் கட்டணமாக 4.49 பவுணும் போகிறது. ஆடியில் மிச்சம் 90,000 ரூபாயைக் கட்டணமில்லாத அட்டையில், அதுவும் ரூபாயில், செலுத்துகிறார்கள். அது 225 பவுண். மொத்தம் 379.49. மெஷினில் பவுணை அழுத்தியிருந்தால் போயிருக்கும் தொகையைவிட 15.25 பவுண் குறைவு. அதற்கும் மேலாக, அந்த நான்கரைப் பவுண் 375 பவுண் ஒப்பந்தம் முழுவதற்கும் சட்டத்தின் துணையை வாங்கித் தந்திருக்கிறது. எல்லாவற்றையும் கட்டணமில்லாத டெபிட் அட்டையில் கட்டியிருந்தால் நான்கரைப் பவுண் மிஞ்சியிருக்கும், அந்தத் துணை இருந்திருக்காது. கிடைக்கப்போவதற்காக முன்கூட்டிக் கொடுக்கும் பணத்துக்குப் பாதுகாப்புள்ள அட்டை, கிடைத்துவிட்டதற்காகக் கொடுக்கும் பணத்துக்கு மலிவான அட்டை. இரண்டிலும் மெஷினுக்குச் சொல்ல வேண்டிய பதில் ரூபாய்.