விருந்து முடிந்ததும் மிஞ்சியது எவ்வளவு?
பள்ளிக் கட்டட நிதி திரட்டவும் செலவு உண்டு; அதைக் கணக்கில் எழுதுவது எப்படி?

ஒரு மேசை 1,000 ரிங்கிட். மொத்தம் 60 மேசைகள். மேடையில் அறிவிப்பாளர், "இன்றிரவு நம் பள்ளிக்கு 60,000 ரிங்கிட் சேர்ந்திருக்கிறது" என்கிறார். மண்டபமே கைதட்டுகிறது. மறுநாள் காலை பொருளாளர் மேசைக்கு வரும் கணக்கு வேறு மாதிரி இருக்கும்.

உணவுக்கு மேசைக்கு 600 ரிங்கிட் என்றால் 36,000. மண்டபம், ஒலிபெருக்கி, கலைஞர்கள் ஆகியவற்றுக்கு 6,000. நுழைவுச்சீட்டு, அழைப்பிதழ், மலர் அச்சடிக்க 3,000. ஆகச் செலவு 45,000. நான்கு மேசைகள் பிரமுகர்களுக்கு இலவசம். இன்னும் நான்கு மேசைகளுக்குப் பணம் "அடுத்த வாரம்" வரும் என்றார்கள், வரவில்லை. கையில் வந்தது 52,000. பள்ளிக்கு மிஞ்சியது 7,000. அதாவது, வந்த ஒவ்வொரு ரிங்கிட்டிலும் 86 சென்னுக்கு மேல் விருந்துக்கே போய்விட்டது.

இது எந்தப் பள்ளியின் கணக்கும் அல்ல. விளங்குவதற்காகப் போட்ட கணக்கு. ஆனால் தெபோங்கிலிருந்து மெர்லிமாவ் வரை மலாக்காவில் பள்ளி விருந்துக்குப் போய்வந்த எவருக்கும் இந்த எண்கள் புதிதாக இருக்காது.

நம் தோட்டப் பள்ளிகள் பலவற்றில் நிலம் அரசாங்கத்துடையது அல்ல. அவை பகுதி உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்திலிருந்து வரும். கட்டடம் என்று வரும்போது பெரும்பாலும் மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும்தான் கையேந்த வேண்டியிருக்கிறது. அரசாங்க மானியம் கிடைத்தாலும் மிச்சத்தை நாமே திரட்ட வேண்டும். அப்படித் திரட்டும்போது நாம் பெரும்பாலும் ஒரே ஒரு எண்ணைத்தான் எழுதுகிறோம்: குத்தகையாளர் சொன்ன விலை. பணம் திரட்ட ஆகும் செலவையும், சொன்னவர்கள் எல்லோரும் கொடுக்கமாட்டார்கள் என்பதையும் எழுதுவதில்லை. கட்டடம் பாதியில் நிற்பது அங்கேதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஜாசின் வட்டாரத்தில் ஒரு தோட்டப் பள்ளி. நான்கு வகுப்பறைகள் கொண்ட இணைக்கட்டடம் வேண்டும். குத்தகையாளர் விலை 500,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். வரைபடம் போடும் கட்டடக் கலைஞருக்கும் பொறியியலாளருக்கும் பத்து விழுக்காடு, 50,000. மண் எதிர்பார்த்ததைவிட இளகலாக இருந்தாலோ இரும்பு விலை ஏறினாலோ சமாளிக்க இன்னும் பத்து விழுக்காடு, 50,000. ஆகக் கட்டடத்துக்கு 600,000 வேண்டும்.

இதை விருந்து வைத்தே திரட்டலாமா? ஒரு விருந்தில் 7,000 மிஞ்சினால் 86 விருந்துகள் வேண்டும். ஒரு மேசைக்குக்கூடப் பாக்கி வைக்காமல் மிகக் கட்டுப்பாடாக நடத்தினாலும் ஒரு விருந்தில் 15,000-தான் மிஞ்சும். அப்போதும் 40 விருந்துகள் வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் நிதி திரட்டலைப் பல்லாண்டு ஆராய்ந்த ஜேம்ஸ் கிரீன்ஃபீல்டு, ஒவ்வொரு வழிக்கும் ஆகும் செலவை அளந்து எழுதியிருக்கிறார். விருந்து போன்ற நிகழ்ச்சிகளில் ஒரு டாலர் திரட்ட சுமார் 50 சென் செலவாகும். கட்டட நிதிக்காகப் பெரிய கொடையாளர்களை நேரில் பார்த்துக் கேட்டால் 5 முதல் 10 சென்தான் செலவாகும். முன்பின் தெரியாதவர்களுக்குக் கடிதம் அனுப்பிக் கேட்டால் ஒரு டாலருக்கு ஒரு டாலருக்கும் மேலேயே செலவாகிவிடும். நாடு மாறினால் எண்கள் மாறும், வரிசை மாறாது. நேரில் கேட்பதுதான் மலிவு. ஆனால் அதற்குத்தான் நமக்குக் கூச்சம்.

முதலில் பெரிய தொகை

1953-இல் சிங்கப்பூரில் நன்யாங் பல்கலைக்கழகம் கட்ட முனைந்தபோது, ரப்பர் வணிகர் டான் லார்க் சை முதலில் தம் பங்காக 5 மில்லியன் டாலர் தருவதாக அறிவித்தார். அதன் பிறகுதான் மக்கள் திரண்டார்கள். 1954-இல் டிரைஷா ஓட்டுநர்கள் ஒரு நாள் வருமானத்தை அப்படியே கொடுத்தார்கள். நாம் அடிக்கடி நினைவுகூர்வது டிரைஷா ஓட்டுநர்களை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: பெரிய தொகை முதலில், சிறிய தொகை பிறகு.

நம் ஜாசின் பள்ளிக்கும் அதே வரிசையில் பட்டியல் போடலாம். ஒருவர் 100,000. இருவர் தலா 50,000. ஆறு பேர் தலா 20,000. பதினான்கு பேர் தலா 10,000. மொத்தம் 23 பேர், 460,000 ரிங்கிட். கேட்பவர் எல்லோரும் தரமாட்டார்கள். ஒருவர் தர மூவரைப் பார்க்க வேண்டும் என்று கொண்டால், 70 பேரின் பெயர்கள் கையில் இருக்க வேண்டும். மலாக்காவிலும் கோலாலம்பூரிலும் உள்ள முன்னாள் மாணவர்கள், தோட்ட நிறுவனம், தொழிலதிபர்கள் என 70 பெயர்களை எழுத முடியாவிட்டால் இப்போதே இலக்கைக் குறைத்துக்கொள்வது நல்லது. முதல் பெயருக்கு ஆளே இல்லையென்றால் கட்டடத்தை இரண்டு கட்டமாகப் பிரிப்பதுதான் வழி.

இவர்களில் பலர் முதலில் கேட்கும் கேள்வி: "வரி விலக்கு ரசீது உண்டா?" 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற நிதிக்குக் கொடுத்தால்தான் அவர்கள் வரிக் கழிவு கோர முடியும். அந்த அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும் வேலையைப் பிரசாரம் தொடங்குவதற்கு முன்பே முடிக்க வேண்டும். கடைத்தெருவிலோ வீடு வீடாகவோ உண்டியல் ஏந்துவதற்கும் சட்டப்படி உரிமம் தேவை.

பிறகு மாதாமாதம்

1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளி கேட்டார். அது நன்கொடை அல்ல, பங்குப் பணம். என்றாலும் வசூலிக்கும் பாடம் ஒன்றுதான்: ஒரே தடவையில் 100 வெள்ளி கொடுக்க முடியாதவர் பத்து மாதத்தில் கொடுத்துவிடுவார்.

நம் பள்ளிக்கு 300 பேர் மாதம் 30 ரிங்கிட் வீதம் 24 மாதங்கள் தர ஒப்புக்கொண்டால் 216,000. இதில் கால் பங்கு வராது என்று எழுதிவிடுங்கள். வேலை மாறுவார்கள், வீடு மாறுவார்கள், மறப்பார்கள். 162,000 வரும். பெரிய கொடையாளர்களிலும் பத்தில் ஒரு பங்கு வராது என்று வையுங்கள். மேடையில் பிடிக்கும் மாதிரிக் காசோலையை வங்கி ஏற்காது. 460,000-இல் 414,000 வரும். பத்து ரிங்கிட் அட்டைகள் 5,000 அச்சடித்து, அவற்றில் ஐந்தில் ஒன்று திரும்பாவிட்டால் 40,000. கட்டுப்பாடாக நடத்திய ஒரே ஒரு விருந்தில் 60,000.

ஆக, சொன்ன தொகை 786,000. கையில் வருவது 676,000.

இதற்கான செலவு: விருந்துக்கு 45,000. நேரில் சந்திக்கும் பயணத்துக்கும் விளக்க ஏட்டுக்கும் 8,000. அட்டை அச்சடிக்க 2,500. மாதச் சந்தாவுக்கான வங்கிக் கட்டணம், ரசீது, நினைவூட்டல் ஆகியவற்றுக்கு 3,500. பகுதி நேரக் குமாஸ்தாவுக்கு மாதம் 500 வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு 12,000. தணிக்கையாளருக்கு 3,000. மொத்தம் 74,000. இதைக் கழித்தால் கட்டடத்துக்கு 602,000.

600,000 ரிங்கிட் கட்டடத்துக்கு 786,000 ரிங்கிட் வாக்குறுதி பெற வேண்டும் என்பதே இந்தக் கணக்கின் சாரம். இன்னொன்றும் பாருங்கள். செலவு ரிங்கிட்டுக்கு 11 சென். விருந்தை எடுத்துவிட்டால் ரிங்கிட்டுக்கு 5 சென்கூட ஆகாது. மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அந்த ஓரிரவுக்குப் போகிறது. அது தருவதோ 15,000. விருந்து வேண்டாம் என்பதல்ல. கொடுத்தவர்களை ஒன்று கூட்டி நன்றி சொல்ல அது நல்ல இடம். கட்டடத்துக்கு அதை நம்பக்கூடாது.

பொருளாகக் கொடுப்பவர்கள்

தமிழகத்தில் காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் பணமாக மட்டும் கொடுக்கவில்லை. நிலம், பெஞ்சு, கரும்பலகை என்றும் கொடுத்தார்கள். நம்மூரிலும் இரும்புக்கடைக்காரர் 200 மூட்டை சிமெண்ட் தருவார். அதை வரவில் எழுதும் முன் ஒரு கேள்வி: குத்தகையாளரின் விலையில் அந்த 200 மூட்டைக்கான தொகை எழுத்துப்பூர்வமாகக் குறைந்ததா? குறைந்திருந்தால் குறைந்த தொகையை மட்டும் வரவு வையுங்கள். குறையவில்லையென்றால் சிமெண்ட் குத்தகையாளருக்கு நன்கொடையாகப் போயிற்று.

முன்னால் போகும் பணம், பின்னால் வரும் பணம்

நிதி திரட்டும் செலவு முதல் மாதத்திலேயே வந்துவிடும். நன்கொடை மெல்ல வரும். அதனால் பலர் கட்டடக் கணக்கிலிருந்தே அச்சகத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு எது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. இதற்குப் பழகிய வழி ஒன்று உண்டு. திரட்டும் செலவை மட்டும் ஏற்க ஒருவரை வெளிப்படையாகக் கேட்பது. அவர் ஒப்புக்கொண்டால், "நீங்கள் தரும் ஒவ்வொரு சென்னும் கல்லாகவும் மண்ணாகவும் மாறும்" என்று மற்றவர்களிடம் பொய்யில்லாமல் சொல்லலாம்.

குத்தகையாளருக்கோ வேலை முடிய முடிய, கட்டம் கட்டமாகப் பணம் கொடுக்க வேண்டும். மாதச் சந்தாவோ இரண்டு ஆண்டுகளுக்கு நீளும். ஆகவே, அடுத்த கட்டத்துக்கான பணம் வங்கியில் இல்லாமல் அந்தக் கட்டத்தைத் தொடங்கச் சொல்லாதீர்கள். கூரை இல்லாமல் மழையில் நனையும் சுவருக்கு மறுபடியும் செலவு செய்ய வேண்டிவரும்.

கணக்கு கோணலாகப் போவதைக் கண்டுபிடிக்க மூன்று அறிகுறிகள் போதும். அறிக்கையில் விருந்தின் "நிகர வரவு" மட்டும் இருக்கும், மொத்த வரவும் செலவும் இருக்காது. சொன்ன தொகையும் வந்த தொகையும் ஒரே வரியில் கலந்திருக்கும். வசூலிப்பவருக்கு விழுக்காட்டுக் கணக்கில் கூலி பேசியிருப்பார்கள். நிதி திரட்டும் தொழிலில் உள்ளவர்களின் பன்னாட்டு நெறிமுறை இந்த மூன்றாவதைத் தடுக்கிறது. கொடையாளர் மனத்தைவிடத் தம் பங்கைப் பெரிதாக நினைக்க அது தூண்டும் என்பதே காரணம்.

பொதுக்கூட்டத்தில் செலவைச் சொல்ல நம் பொருளாளர்கள் தயங்குகிறார்கள். "பள்ளிப் பணத்தில் சாப்பாடா?" என்று யாராவது எழுந்து கேட்பார்கள் என்ற பயம். கேட்கட்டும். பிரசாரம் தொடங்குமுன் பள்ளி அறிவிப்புப் பலகையில் மூன்று எண்களை ஒட்டிவிடுங்கள்: கட்டடத்துக்கு 600,000, திரட்டும் செலவு 74,000, வராது என்று எதிர்பார்ப்பது 110,000. மாதந்தோறும் அவற்றுக்குப் பக்கத்திலேயே உண்மையில் நடந்ததை எழுதுங்கள். அப்புறம் கேள்வி கேட்பவருக்குப் பொருளாளர் பதில் தேட வேண்டியதில்லை; பலகையைக் காட்டினால் போதும்.