கூட்டல் சரி, பாக்கி தவறு

ஒரு மொத்த மளிகைக் கடையில் முருகன் ஸ்டோர்ஸ், முருகன் டிரேடர்ஸ் என்று இரண்டு கடன் வாடிக்கையாளர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்டோர்ஸுக்குப் போட்ட 18,400 ரூபாய் பில்லைக் கணக்கர் டிரேடர்ஸ் பக்கத்தில் பற்று எழுதிவிட்டார்.

கடன் விற்பனை இரண்டு இடங்களில் ஏறும். துணைப் பேரேட்டில் ஒவ்வொரு பில்லும் அவரவர் பக்கத்துக்குப் போகும். பொதுப் பேரேட்டில் எல்லாக் கடனாளிகளுக்கும் சேர்த்து ஒரே கட்டுப்பாட்டுக் கணக்கு. விற்பனை ஏட்டின் மாத மொத்தம் மட்டும் அதில் ஏறும். மாதக் கடைசியில் தனித்தனிப் பாக்கிகளைக் கூட்டி, இந்தக் கணக்கின் பாக்கியோடு ஒப்பிடுவார்கள்.

நம் கதையில் அந்த ஒப்பீடு எதையும் காட்டாது. ஸ்டோர்ஸ் உண்மையில் தர வேண்டியது 42,400, டிரேடர்ஸ் 12,600, மொத்தம் 55,000. ஏட்டில் இருப்பதோ 24,000-மும் 31,000-மும். அதுவும் 55,000தான். இருப்பாய்வும் சமமாகவே நிற்கும்.

பிழை பெரும்பாலும் வெளியிலிருந்துதான் தெரியவரும். பாக்கிப் பட்டியல் போனதும் டிரேடர்ஸிலிருந்து போன் வரும்: "அண்ணே, அந்தச் சரக்கை நாங்க வாங்கவே இல்லையே." ஸ்டோர்ஸ்காரர் வாய் திறக்க மாட்டார், குறைத்துக் கேட்டால் யார் சண்டைக்கு வருவார்கள்? அவர் நேர்மையாக 18,400-ஐக் கட்டினாலும், எந்தப் பில்லுக்கு வரவு வைப்பது என்று தெரியாமல் அந்தத் தொகை தனியாகத் தொங்கும். அதுவும் ஒரு தடயம். ஏட்டுக்குள்ளேயே பிடிக்க வேண்டுமானால் பில் பிரதியையும் பேரேட்டுப் பக்கத்தையும் பெயர் பெயராக ஒத்துப் பார்க்க வேண்டும்.

திருத்தம் எளிது. கண்டுபிடித்த தேதியில் குறிப்பேட்டில் ஸ்டோர்ஸுக்கு 18,400 பற்று, டிரேடர்ஸுக்கு 18,400 வரவு. விளக்கத்தில் பில் எண். கட்டுப்பாட்டுக் கணக்கைத் தொடவே கூடாது, அதன் மொத்தம் முதலிலிருந்தே சரி. விற்பனைக் கணக்குக்கும் இதில் வேலை இல்லை. அனாமத்துக் கணக்கும் தேவையில்லை.

பதற்றத்தில் டிரேடர்ஸுக்கு மட்டும் வரவு வைத்து நிறுத்திவிட்டால், பட்டியலின் கூட்டல் 18,400 குறைந்து அடுத்த ஒப்பீட்டிலேயே பிடிபடும். பற்று வரவை மாற்றிப் போட்டால்தான் ஆபத்து. ஸ்டோர்ஸ் 5,600-க்கு இறங்கும், டிரேடர்ஸ் 49,400-க்கு ஏறும், கூட்டல் மறுபடியும் 55,000! ஆகவே திருத்திய பிறகு மொத்தத்தைப் பார்ப்பதில் பயனில்லை. இரண்டு பக்கங்களின் பாக்கியையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

இவ்வளவும் பில் சரியான பெயரில் இருந்தால்தான். கணினியில் பில் போடும் கடைகளில், பட்டியலில் அடுத்த பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பில்லே டிரேடர்ஸ் பெயரில், அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணோடு வந்துவிடும். அப்போது குறிப்பேட்டுப் பதிவு மட்டும் போதாது. வரிக் கணக்கில் ஏற்றிவிட்டிருந்தால் அங்கேயும் திருத்த வேண்டும்; இல்லையென்றால் ஸ்டோர்ஸ் எடுக்க வேண்டிய உள்ளீட்டு வரி வரவு டிரேடர்ஸ் பெயரில் நிற்கும்.