காலி மேடை போட்டோவை எப்படிப் பார்க்கணும்?

டெக்கரேட்டர் ரெண்டு ரிசப்ஷன் மேடை போட்டோ அனுப்பியிருக்கார்னு வெச்சுக்கோங்க. ரெண்டுமே ஆளில்லாத மேடை. அதனால முதல்ல, மாப்பிள்ளையும் பொண்ணும் நிற்கும் இடத்தைக் கட்டைவிரலால் மறைச்சுப் பாருங்க.

முதல் படத்தில் நடுவில் இருக்கும் பூ வளையமும் பெயர்ப்பலகையும் விரலுக்குப் பின்னால் போயிடுது, ஆல்பத்திலும் அப்படித்தான். மிச்சம் பளிச்சுனு தெரிவது வலது ஓரத்து விளக்குத் தூண் மட்டும். கண் அங்கேதான் போகும், மேடையும் வலப்பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கும்.

ரெண்டாவதில் வளைவு தலைக்கு மேலே நிற்குது. இடப்பக்கம் ஒரு பெரிய பூக்கொத்து, வலப்பக்கம் மூணு சின்னது. ஒரே மாதிரி இல்லை, ஆனா கனம் சமம். பார்வை ஜோடிக்கே வருது.

ஒண்ணு மட்டும் கேளுங்க: ஊதா எல்இடி முகத்தில் விழுமா? விழுந்தா தோல் நிறமே மாறிடும், எடிட்டிங்கில் முழுசா சரியாகாது. முன்பக்கம் வார்ம் ஒயிட் விளக்கு போடச் சொல்லுங்க.