சட்டையில் நழுவாத சின்னம்

படப்பிடிப்பு முடிந்த பிறகு, நடிகரின் சட்டையில் இருக்கும் சின்னத்தை நீக்கி வேறொன்றை வைக்க வேண்டியிருக்கிறது. விநாடிக்கு 24 ஃபிரேம்கள். எல்லாவற்றிலும் கையால் வைத்தால் சின்னம் நடுங்கும். அதனால் 1, 25 ஆகிய ஃபிரேம்களில் மட்டும் கவனமாகப் பொருத்துவார்கள். இவைதான் கீஃபிரேம்கள். இடைப்பட்டவற்றை 'ஆப்டிகல் ஃப்ளோ' பார்த்துக்கொள்ளும். மூலக் காட்சியில் ஒவ்வொரு பிக்சலும் அடுத்த ஃபிரேமில் எங்கே போனது என்று அது கணக்கிடும். சட்டை மடிந்தால் சின்னமும் கூடவே மடியும்.

இந்தக் கணக்கில் ஃபிரேமுக்கு 0.1 பிக்சல் பிழை இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அது ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போனால், 25ஆம் ஃபிரேமில் சின்னம் 2.4 பிக்சல் விலகி நிற்கும். பக்கத்துப் பொத்தானைப் பார்த்தால் நழுவல் புரியும்.

திருத்துவது எளிது. 25இல் சின்னத்தின் சரியான இடம் நமக்குத் தெரியும். அந்த 2.4 பிக்சல் விலகலை 24 நகர்வுகளுக்கும் பங்கிட்டுக் கழிக்கலாம். நடுவிலுள்ள 13ஆம் ஃபிரேமுக்குப் பாதி, அதாவது 1.2 பிக்சல். நழுவல் சீராக இருந்தால்தான் இது பலிக்கும்.

கை குறுக்கே வந்தால் பலிக்காது. மறைந்த பிக்சலுக்குப் போன இடமே இல்லை. முன்னே கணக்கிட்டு, அங்கிருந்து பின்னே கணக்கிட்டுப் பார்த்தால் புறப்பட்ட புள்ளிக்கு அது திரும்பாது. அத்தகைய பகுதியை ஒதுக்கிவிட்டு, கை விலகிய ஃபிரேமில் புதிய கீஃபிரேம் வைப்பதே சரி.