சனிக்கிழமை வேலைக்கு ஓர் அனுமதி மின்னஞ்சல்

பள்ளி அலுவலகம், மாணவர் லேப், சிசிடிவி எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் கிடந்தால், லேபில் இருக்கும் பையன் கட்டண சர்வரைத் தட்டிப் பார்க்கலாம். அவற்றைத் தனித்தனி அறைகளாகத் தடுத்துக் கதவில் காவல் வைக்க உதவுவது வி-லான். அந்த மாற்றத்துக்கு அனுமதி கேட்கும் மின்னஞ்சலில் நான் முதலில் தேடுவது, எப்போது பின்வாங்குவார்கள் என்ற வரியை.

"சனி மாலை 4 மணிக்குத் தொடக்கம். ஞாயிறு மதியம் 2 மணிக்குள் வருகைப்பதிவு, பிரிண்டர், கேமரா மூன்றும் ஓடாவிட்டால், சேமித்து வைத்த பழைய கான்ஃபிகரேஷனையே ஏற்றிவிடுவோம்" என்றிருந்தால், எழுதியவர் விவரமானவர்.

பெரும்பாலும் காலை வாருவது பிரிண்டர்தான். யாரோ கையால் கொடுத்த பழைய ஐபி முகவரி புதிய வி-லானில் செல்லாது. திங்கள் காலை ஹால்டிக்கெட் அச்சாகாதபோதுதான் அது தெரியும். அப்படிப்பட்ட கருவிகளின் பட்டியல் இல்லாத மின்னஞ்சலுக்கு ஒப்புதல் தராதீர்கள்.