கர்ப்பிணிக்குக் குடல்வால் வலி: எந்த ஸ்கேன்?

ஐந்து மாதக் கர்ப்பிணிக்கு வலது அடிவயிற்றில் வலி, காய்ச்சல், வாந்தி. குடல்வால் அழற்சி என்ற சந்தேகம் எழுந்தால் முதலில் எடுப்பது அல்ட்ராசவுண்ட். அது ஒலி அலைகளால் இயங்குவதால் கதிர்வீச்சு இல்லை. கருவியால் வயிற்றை மெல்ல அழுத்தும்போது இயல்பான குடல்வால் நசுங்கும். வீங்கியது நசுங்காது, அதன் விட்டமும் 6 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும். ஆனால் வளரும் கருப்பை குடல்வாலை மேலே தள்ளிவிடுவதால், பல நேரம் அது கண்ணில் படுவதே இல்லை. ‘குடல்வால் தெரியவில்லை’ என்ற அறிக்கையை ‘நோய் இல்லை’ என்று படிப்பதுதான் இங்கே நேரும் பெரிய பிழை.

அடுத்த தேர்வு எம்.ஆர்.ஐ. காந்தப்புலத்தில் இயங்குவதால் இதிலும் கதிர்வீச்சு இல்லை. கடோலினியம் என்ற சாய மருந்து சிசுவைச் சென்றடையும் என்பதால், அதைத் தவிர்த்தே படம் எடுப்பார்கள்.

எம்.ஆர்.ஐ. உடனே கிடைக்காவிட்டால் சி.டி. எடுக்கலாம். வயிற்று சி.டி.யில் சிசு பெறும் கதிர்வீச்சு பொதுவாக 50 மில்லிகிரேக்குக் கீழேதான். அந்த அளவுக்குள் பிறவிக் குறைபாடு கூடுவதாகத் தெரியவில்லை. பிற்காலப் புற்றுநோய் வாய்ப்பு மட்டும் சிறிதளவு கூடலாம். தாமதத்தால் குடல்வால் வெடித்தாலோ கருவே கலையக்கூடும்.