டிசம்பர் 31-க்குள் பயிற்சியை முடிக்கச் சொல்லி மெசேஜ் வந்திருக்கிறதா?

அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவரா நீங்கள்? வருடக் கடைசியில் உங்கள் போனுக்கு இப்படி ஒரு மெசேஜ் வந்திருக்கலாம்: "நீங்கள் போஷ் பயிற்சியை இன்னும் முடிக்கவில்லை. டிசம்பர் 31-க்குள் கீழே உள்ள லிங்கில் முடிக்கவும். தவறினால் கேட்டில் அனுமதி நிறுத்தப்படும்."

படித்ததும் மனதில் பல கேள்விகள் வரும். இது என்ன பயிற்சி? லிங்க் உண்மையானதுதானா? முடிக்காவிட்டால் சம்பளத்தில் கை வைப்பார்களா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

போஷ் என்பது 2013-ல் வந்த ஒரு சட்டத்தின் சுருக்கப் பெயர். வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதும், தண்டிப்பதும், பாதிக்கப்பட்டவருக்கு நியாயம் கிடைக்கச் செய்வதும் அந்தச் சட்டத்தின் வேலை. இதைப் பற்றி ஊழியர்களுக்கு அவ்வப்போது வகுப்பு எடுக்க வேண்டும் என்று சட்டத்தின் 19-ஆம் பிரிவு முதலாளிக்குக் கட்டளையிடுகிறது. புகார் கொடுக்கும் உரிமை பெண்களுக்குத்தான். ஆனால் பயிற்சி ஆண், பெண் எல்லோருக்கும் உண்டு.

"நான் கம்பெனி ஆள் இல்லையே, கான்ட்ராக்டில் இருக்கிறேன். எனக்கும் உண்டா?" உண்டு. இந்தச் சட்டத்தில் ஊழியர் என்றால் நிரந்தரத் தொழிலாளி மட்டுமல்ல. கான்ட்ராக்ட் ஆள், தற்காலிக ஆள், தினக்கூலி, பயிற்சி பெறுபவர், அப்ரன்டிஸ் எல்லோரும் அதில் அடக்கம். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வேறொரு சிக்கல் வரும். லிங்கைத் திறந்தால் ஊழியர் எண் கேட்கும், கான்ட்ராக்டர் கொடுத்த எண்ணைப் போட்டால் ஏற்காது. அது உங்கள் தவறல்ல. அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கடைசித் தேதிக்கு முன்பே உங்கள் சூப்பர்வைசருக்கும் கம்பெனியின் மனிதவளப் பிரிவுக்கும் அனுப்பிவையுங்கள். நீங்கள் முயன்றீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

சரி, ஏன் டிசம்பர் 31? சட்டத்தில் அப்படி ஒரு தேதி கிடையாது. "அவ்வப்போது" என்றுதான் இருக்கிறது. தேதி கம்பெனி வைத்தது. காரணமும் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது, 90 நாளுக்கு மேல் நிலுவையில் இருப்பவை எத்தனை என்று மாவட்ட அலுவலருக்கு அறிக்கை போக வேண்டும். எத்தனை விழிப்புணர்வு வகுப்புகள் நடந்தன என்பதும் அதில் இருக்க வேண்டும். வருடக் கணக்கை முடிக்கிற அவசரம்தான் உங்கள் போனில் மெசேஜாக வந்து நிற்கிறது. கடமையில் தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் தவறினால் அது இரட்டிப்பாகும், தொழில் நடத்தும் உரிமமே ரத்தாகலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த அபராதம் முதலாளிக்கு. பயிற்சி முடிக்காத தொழிலாளிக்கு இந்தச் சட்டத்தில் எந்தத் தண்டனையும் இல்லை.

"அப்படியானால் முடிக்காமல் விட்டுவிடலாமா?" வேண்டாம். நியாயமான உத்தரவை வேண்டுமென்றே மீறுவது பெரும்பாலான தொழிற்சாலைகளின் நிலையாணைகளில் (வேலை நடத்தை விதிகளில்) ஒழுங்கீனமாக எழுதப்பட்டிருக்கும். பயிற்சிக்குப் போ என்பது நியாயமான உத்தரவுதான். விளக்கம் கேட்டுக் கடிதம் வரலாம், எச்சரிக்கை வரலாம்.

ஆனால் சம்பளத்தில் இஷ்டப்படி பிடிக்க முடியாது. அபராதம் போடுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. பழைய 1936 ஊதியச் சட்டத்திலும் இருந்தது, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்பதற்கு அரசின் ஒப்புதல் பெற்று, அதை முன்கூட்டியே நோட்டீசாக ஒட்டியிருக்க வேண்டும். உங்களிடம் விளக்கம் கேட்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. சம்பளம் 15,000 ரூபாய் என்றால் 450 ரூபாய்தான் உச்சம். "முடிக்காதவர்களுக்கு ஒரு நாள் சம்பளம் கட்" என்று யாராவது வாயால் சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். கேட்டில் நிறுத்தினாலும் அப்படியே. எந்த உத்தரவின்படி நிறுத்துகிறார்கள், அந்த நாளுக்குச் சம்பளம் உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

அடுத்து, அந்த லிங்க். தேதியும் மிரட்டலும் சேர்ந்து வரும் மெசேஜ் மோசடிக்காரர்களுக்கும் பிடித்தமானது. பதற்றத்தில் தட்டிவிடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் கம்பெனியின் இணைய முகவரி example.com என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டையும் பாருங்கள்:

```
https://training.example.com/posh
https://example.com.example.net/posh
```

இரண்டிலும் கம்பெனி பெயர் இருக்கிறது. ஆனால் // என்ற இரட்டைக் கோட்டுக்குப் பிறகு வருகிற முதல் ஒற்றைக் கோட்டைத் தேடி, அதற்கு இடப்பக்கம் ஒட்டி நிற்பது என்ன என்று பார்க்க வேண்டும். முதலாவதில் example.com. அது கம்பெனியுடையது. இரண்டாவதில் நிற்பது example.net, வேறு யாரோ. முன்னால் ஒட்டிய கம்பெனி பெயர் வெறும் வேஷம்.

இந்தச் சோதனை மட்டும் போதாது. பல நிறுவனங்கள் பயிற்சியை வெளி நிறுவனத்திடம் ஒப்படைப்பதால், உண்மையான லிங்கே வேறு முகவரியில் இருக்கலாம். சந்தேகம் வந்தால் நோட்டீஸ் போர்டில் அதே லிங்க் இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது மனிதவளப் பிரிவில் நேரில் கேளுங்கள். பயிற்சிக்கு ஊழியர் எண்ணும் பாஸ்வேர்டும் தேவைப்படலாம். சில இடங்களில் போனுக்கு வரும் ஓடிபியால் உள்ளே நுழையச் சொல்வார்கள். அந்த ஓடிபி எந்த வேலைக்கு வந்தது என்று மெசேஜைப் படித்துவிட்டுப் போடுங்கள். வங்கி எண், யுபிஐ பின், பணம் ஆகியவை எந்தப் பயிற்சிக்கும் தேவையில்லை. .apk என்று முடியும் கோப்பை மெசேஜில் அனுப்பி நிறுவச் சொன்னால் உடனே நிறுத்துங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

பயிற்சியை எங்கே உட்கார்ந்து முடிப்பது? அஞ்செட்டி மலைப் பாதையில் காட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். பஸ்ஸில் ஆரம்பித்தால் வீடியோ பாதியில் நிற்கும், சில பயிற்சிகள் முதலிலிருந்து ஓடும். வகுப்பு எடுப்பது முதலாளியின் கடமை என்பதால், ஷிப்டு நேரத்திலேயே அதற்கு இடமும் நேரமும் கேட்பது நியாயம் என்பது என் கருத்து. ஷிப்டு முடிந்த பிறகு உட்காரவைத்தால், அது வேலை நேரமாகக் கணக்கில் வருமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மொழியையும் பாருங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஊர் இது. முதல் திரையில் மொழி தேர்ந்தெடுக்கும் இடம் பெரும்பாலும் இருக்கும். உங்கள் மொழி இல்லாவிட்டால், ஆள் வைத்து வகுப்பு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஏனென்றால் கடைசித் திரையில் "படித்தேன், புரிந்துகொண்டேன்" என்று ஒரு கட்டம் வரும். அதில் டிக் போட்டால் அது உங்கள் கையெழுத்து மாதிரி. பின்னால் ஒரு விசாரணை நடந்தால், "எனக்கு விதி தெரியாது" என்று சொல்ல முடியாது.

இதனால்தான் லைன் லீடரிடம் போனைக் கொடுத்து "நீங்களே முடித்துவிடுங்கள்" என்று சொல்வது ஆபத்து. கடைசி நாளில் இது நடக்கிறது. இருபது பேரின் போனை வாங்கி ஒருவரே டிக் போட்டுத் தள்ளினால், கம்பெனியின் கணக்கு முழுமையாகிவிடும். உங்களுக்கோ எதுவும் தெரிந்திருக்காது.

அப்படி என்ன தெரிய வேண்டும்? ஒரு நிலைமையை வைத்துப் பார்ப்போம். அஞ்செட்டியில் விடியற்காலையில் பஸ் ஏறும் ஒரு பெண்ணிடம், பின் சீட்டில் வரும் சக ஊழியர் அக்டோபர் 20 அன்று தவறாக நடந்துகொள்கிறார். "இது கேட்டுக்கு வெளியே நடந்தது, கம்பெனிக்கு என்ன சம்பந்தம்?" என்று அந்தப் பெண் நினைக்கக் கூடும். சட்டம் அப்படி நினைக்கவில்லை. முதலாளி ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடம்தான். ஓசூரில் தொழிற்சாலைச் சுவருக்குள் நடந்தாலும், தேன்கனிக்கோட்டை ரோட்டில் பஸ்ஸில் நடந்தாலும் ஒன்றுதான்.

புகார் எங்கே? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு (கம்பெனிக்குள்ளேயே விசாரிக்கும் குழு) இருக்க வேண்டும். மூத்த பெண் ஊழியர் ஒருவர்தான் தலைவர். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் உண்டு. குழு அமைத்த உத்தரவை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். பயிற்சியில் அந்தப் பெயர்களும் எண்களும் வரும்போது போனில் பதிந்துகொள்ளுங்கள். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, புகாரே முதலாளி மீது என்றாலோ, மாவட்டத்தில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். shebox.wcd.gov.in என்ற அரசு இணையதளத்திலும் பதியலாம்.

கெடு எவ்வளவு? சம்பவம் நடந்து மூன்று மாதம். அந்தப் பெண்ணுக்கு அது ஜனவரி 20. மறுபடி மறுபடி நடந்திருந்தால், கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டித்துக் கொடுக்கலாம். புகார் எழுத்தில் இருக்க வேண்டும். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார் கொடுத்தவரைத் தண்டிக்க முடியாது. பெயரை வெளியே சொல்லக் கூடாது என்ற விதி எல்லோருக்கும் உண்டு. பஸ்ஸில் பேசிக்கொள்வதும் அதில் சேரும்.

பயிற்சியை முடித்ததும் சான்றிதழ் திரையில் வரும். அதில் உங்கள் பெயர், ஊழியர் எண், தேதி சரியா என்று பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். முடித்த பிறகும் "இன்னும் முடிக்கவில்லை" என்று மெசேஜ் வருவது சகஜம். சிக்னல் இல்லாத நேரத்தில் கடைசித் திரை பதிவாகாமல் போயிருக்கும். அப்போது அந்த ஸ்கிரீன்ஷாட்டை மனிதவளப் பிரிவுக்கு அனுப்பி, "பதிவைச் சரிசெய்யவும்" என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள்.